ஸ்டேஷன் பக்கமா, ஆற்றுக்கு வடக்கேயா

என் மகளுக்கு ஒன்றேகால் வயது முடிந்த சமயம் அது. ஆய்வுக்கூடக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியின் மதுரைக் கிளையில் நான் வேலை பார்த்தேன். கிளை என்றால் மாடியில் இரண்டு அறை, ஒரு டெலிபோன், ஒரு தட்டச்சு எந்திரம், மேனேஜர், நான். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மைக்ரோஸ்கோப்பும் கண்ணாடிக் குடுவைகளும் விற்றோம். சில மாதங்களாக அதிகம் விற்கவில்லை.

ஆவணி மாதத்தில் சென்னை ஹெட் ஆபிஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கல்லூரியில் புதிய வேதியியல் ஆய்வுக்கூடம் கட்டியிருந்தார்கள். அதற்கு நுண் தராசுகள் வாங்கப் போகிறார்கள். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொள்முதல் குழு கூடும். விற்க விரும்புகிற கம்பெனிகள் அங்கேயே தராசை இயக்கிக் காட்ட வேண்டும். கூப்பிடும்போது இல்லாத கம்பெனியை விட்டுவிட்டு அடுத்த கம்பெனியைக் கூப்பிடுவார்கள். நம் சார்பில் இயக்கிக் காட்ட சென்னையிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வருகிறார். புதன்கிழமை மதியம் ஆற்றுக்கு வடக்கே ஒரு பெண்கள் கல்லூரிக்கும் போய்விட்டு, ஒரு இரவு தங்கி, வியாழன் மாலை ரயிலில் திரும்புவார். தங்குமிடம் கிளையே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசிப் பத்தியை மேனேஜர் என்னிடம் வாசித்துக் காட்டவில்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளினார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மதுரைக் கிளையைத் திருச்சியோடு சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

"சேத்தா என்னைத் திருச்சிக்குப் போடுவாங்க" என்றார் மேனேஜர். "உங்களை என்ன செய்வாங்கன்னு தெரியலை."

எனக்குத் தெரியும். திருச்சிக் கிளையில் ஏற்கெனவே ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள். என் கணவர் மிஷன் பள்ளியில் ஆசிரியர். அவருடைய சம்பளத்தில் வாடகையும் அரிசியும் ஓடின. பால் மாவும் டாக்டரும் என் சம்பளத்தில்.

"வியாழக்கிழமை நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்றார் மேனேஜர். "கொட்டாம்பட்டியில அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் இல்லாம நடக்காது. மேடத்தை நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். ஹோட்டலையும் நீங்களே பாத்துருங்க. எந்தப் பக்கம் நல்லதுன்னு யோசிச்சுப் போடுங்க."

யோசிக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஒரு முழுத்தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் ஸ்டேஷன் பக்கம். இரண்டாவதில் ஆற்றுக்கு வடக்கே, தல்லாகுளம், அழகர்கோவில் ரோடு. மூன்றாவதில் கல்லூரியின் விருந்தினர் அறை.

மூன்றாவதை அன்று மாலையே அடித்துவிட்டேன். வாங்குகிறவர்கள் வீட்டில் விற்கிறவர் போய்ப் படுத்தால் மற்ற கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள். தவிர, ஆறு மணிக்கு மேல் அங்கே காற்றைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. ஒரு பெண் ராத்திரி தலைவலி மாத்திரைக்கு எங்கே போவாள்?

மற்ற இரண்டும் என்னைத் தூங்க விடவில்லை.

வடக்குப் பக்கம் கௌரவமான பக்கம். பெரிய மரங்கள், அகலமான ரோடு, சுவர் வைத்த ஹோட்டல்கள். புதன்கிழமை போக வேண்டிய பெண்கள் கல்லூரி அங்கிருந்து பத்து நிமிஷம். ஆனால் வியாழக்கிழமை காலை அங்கிருந்து கிளம்பினால் வைகைப் பாலத்தைத் தாண்ட வேண்டும், பிறகு சிம்மக்கல்லைத் தாண்ட வேண்டும், பிறகு ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தைத் தாண்ட வேண்டும், அப்புறம்தான் மேற்கே போகும் ரோடே ஆரம்பிக்கும். வைகைப் பாலத்தில் ஒரு மாட்டு வண்டிக்கு அச்சு முறிந்தால் ஊர் முழுக்க நிற்கும். புதன்கிழமைக் கூட்டம் தாமதத்தைத் தாங்கும், வியாழக்கிழமைக் கூட்டம் தாங்காது. எனவே வியாழனுக்கு ஏற்ற பக்கத்தில்தான் தங்க வைக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டு, அந்தப் பக்கம் ராத்திரி ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று கீழே ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மேனேஜரிடம் அரை நாள் அனுமதி வாங்கி, ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு நானே பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் ஏறி நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது சுலபம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரோடு வேறு ரோடு; அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. மில் ஷிப்ட் சைக்கிள்கள் அதற்குள் ரயில் பாலத்தைவிட்டு இறங்கியிருந்தன. காளவாசலில் பஸ் நான்கு நிமிஷம் நின்றது. மொத்தம் நாற்பத்தெட்டு நிமிஷம். டாக்ஸி என்றால் அரை மணி போதும். தராசுப் பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது, குலுங்கினால் உள்ளே தண்டைத் தாங்கும் கத்திமுனை கெட்டுவிடும் என்று ஹெட் ஆபிஸ் கடிதத்தில் இருந்தது. ஆகவே டாக்ஸி. திரும்பி வந்து ஸ்டேஷன் வாசலில் நின்று டாக்ஸிகளை எண்ணினேன். பதினொன்று நின்றன. மறுநாள் எண்ணினேன். ஒன்பது. சராசரி பத்து என்று கட்டத்தில் எழுதினேன்.

ராத்திரிக்கு என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தையை அவர் தோளில் போட்டுக்கொண்டார். முதல் நாள் அழகர்கோவில் ரோடு. மணி எட்டு.

"என்ன செய்யணும்?" என்றார்.

"தெரு விளக்கை எண்ணணும்."

"அதுக்குத்தானா பி.டி. படிச்சேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "எரியாததையும் சேத்தா?"

"அதைத் தனியா எண்ணுங்க."

தனியாக எண்ணியதுதான் அதிகமாக இருந்தது. ஹோட்டல் கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஏழு கம்பங்கள், இரண்டு விளக்குகள். நாங்கள் நடந்த கால்மணி நேரத்தில் எதிரே வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி, "வழி மாறி வந்துட்டீகளா?" என்று கேட்டார். நல்ல மனிதர். ஆனால் தனியாக வருகிற பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவர் நல்லவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் டவுன் ஹால் ரோடு. மணி அதே எட்டு. விளக்கு எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் கடைகளின் வெளிச்சம் கிடந்தது. பால் கடை, பழக்கடை, பூக்காரம்மா, மருந்துக் கடை இரண்டு. மெயில் ரயிலுக்கு வருகிறவர்களும் போகிறவர்களும். செகண்ட் ஷோ விட்டுப் போகிற கூட்டம் வரைக்கும் தெரு விழித்திருக்கும் என்றார் பழக்கடைக்காரர். ஆனால் கூட்டம் என்றால் இடிக்கிறவனும் இருப்பான். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். குழந்தை தும்மியது. ராத்திரிக் காற்றில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தேனே என்று அதற்கு வேறு கவலைப்பட்டேன்.

"இருட்டுல ஒருத்தன் இருந்தா பயம். வெளிச்சத்துல நூறு பேர் இருந்தா எரிச்சல்" என்றார் என் கணவர். "எரிச்சலுக்கு ரூம் போடு. வீட்டுக்குப் போவோம்."

அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஸ்டேஷன் பக்கம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய் ஒரு தடவை மாற்றிக்கொண்டேன். காலையில் திரும்பவும் ஸ்டேஷன் பக்கம் என்று முடிவு செய்தேன்.

ஹோட்டல் பிடிப்பது அடுத்த வேலை. அன்றைக்கு மதுரையில் தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் கேட்டால் லாட்ஜ்காரர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். முதல் இடத்தில் நோட்டைக் கூடத் திறக்கவில்லை.

"கூட ஆம்பளை யாரு வாராக?"

"யாரும் இல்ல. ஆபிஸ் வேலையா வாராங்க. இன்ஜினியர்."

"இன்ஜினியரா இருக்கட்டும்மா. போலீஸ் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? குடும்பத்தோட வந்தா வாங்க."

இரண்டாவது இடம் டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. கீழே கல்யாண ஹால், மேலே மூன்று மாடி ரூம்கள். கவுண்டரில் இருந்தவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கம்பெனி லெட்டர்பேடில் பெயரும் வேலையும் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தால் ரூம் தருவதாகச் சொன்னார். மாடிப்படிக்கு எதிரே வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டார். உள்தாழ்ப்பாள் இரண்டு இருக்க வேண்டும் என்றேன். இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். இருந்தது. மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் எண்ணெய் விடச் சொன்னேன்.

"புதன் ராத்திரி, வியாழன் பகல். ஒரே ஒரு ரூம்தாம்மா மிச்சம். கீழ ஹால்ல வியாழக்கிழமை கல்யாணம், மாப்ள வீட்டுக்காரங்க மேல பூராவும் எடுத்திருக்காக. செக்கானூரணிப் பக்கம்."

"சத்தமா இருக்குமே."

"சத்தம் இருந்தாத்தானம்மா சேப்டி? சுத்திலும் குடும்பம். பொம்பளைங்க புள்ளைங்க."

இது என் தாளில் இல்லாத விஷயம். உடனே எழுதிக்கொண்டேன்: சுற்றிலும் குடும்பங்கள், நல்லது.

இந்த இடத்தில் என் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தொங்கியது சபையில் கொடுக்கும் காலண்டர். தேதி, கிழமை, அதற்குக் கீழே ஒரு வசனம். ஆபிஸில் கம்பெனி காலண்டர். தேதி, கிழமை, அதற்குக் கீழே ஒரு மைக்ரோஸ்கோப். எங்கள் சாதி சனத்தில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதென்றால் பாதிரியார் ஊரில் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான். தெருவில் மேளச் சத்தம் கேட்டால் ஏதோ ஒரு வீட்டில் கல்யாணம் என்று நினைப்பேன். ஒரே நாளில் ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் கல்யாணம் வரும், அது மற்றவர்கள் வீட்டுக் காலண்டரில் மாதங்களுக்கு முன்பே அச்சாகியிருக்கும் என்பது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், என் மூளையில் ஏறவில்லை. மேனேஜர் வீட்டுக் கல்யாணம் வியாழக்கிழமை. ஹோட்டலில் கல்யாணம் வியாழக்கிழமை. இரண்டும் ஒரே நாளில் வந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மேனேஜர் கேட்டார், "டாக்ஸி சொல்லியாச்சா?"

"ஸ்டேஷன் வாசல்ல எப்பவும் பத்து நிக்குது சார். எண்ணிப் பாத்தேன்."

அவருக்கு மனது முழுக்கக் கொட்டாம்பட்டியில் இருந்திருக்க வேண்டும். "சரி" என்றார்.

புதன்கிழமை காலை மேடம் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, கைக்கடிகாரம், ஒரு சின்னப் பெட்டி. தராசு தனிப் பெட்டியில் இருந்தது. அதைப் போர்ட்டரிடம் கொடுக்காமல் தானே இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். ரூமைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். "எண்ணெய் விட்டிருக்காங்களே" என்றார். எனக்கு அன்றைய பொழுதுக்கு அது போதும்.

மதியம் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி பிடித்துப் பெண்கள் கல்லூரிக்குப் போனோம். பாலத்தில் இருபது நிமிஷம் நின்றோம். தாமதமானாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. என் தாளில் எழுதியபடியே நடந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. சாயங்காலம் அவரை ஹோட்டலில் விட்டுவிட்டு, மருந்துக் கடை எங்கே, பால் கடை எங்கே, எந்தச் சந்துக்குள் போகக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எட்டரைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலை குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அரசரடியில் பஸ் ஏறினேன். நிற்க இடமில்லை. பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோரும் பட்டுச் சேலையில் இருந்தார்கள். கண்டக்டர், "கொஞ்சம் உள்ள போங்க தாயி, தாலி கட்டுறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடுறேன்" என்றார். அப்போதுதான் மேனேஜர் டாக்ஸியைப் பற்றிக் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

எட்டேகாலுக்கு ஸ்டேஷன் வாசலில் இறங்கினேன். டாக்ஸிகள் நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

டீக்கடையில் நின்ற போர்ட்டரிடம் கேட்டேன், "அண்ணே, டாக்ஸி எல்லாம் எங்க?"

"முகூர்த்த நாள்லம்மா. எல்லாம் விடியக்காலமே போயிருச்சு. பதினோரு மணிக்கு மேல ஒண்ணு ரெண்டு வரும்."

"ஆட்டோ?"

"அதுல மாலை போகுது, சீர்த்தட்டு போகுது. நீங்க எந்தக் கல்யாணத்துக்குப் போகணும்?"

இரண்டு ஆட்டோக்களை மறித்தேன். ஒன்றில் வாழைத்தார் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் நாதஸ்வரக்காரர். மூன்றாவது காலியாக வந்தது. நாகமலைப் புதுக்கோட்டை என்றதும், "காளவாசலுக்கு அங்கிட்டு வாரதில்லம்மா, ஒன்பது மணிக்கு மண்டபத்துல நிக்கணும்" என்று போய்விட்டது.

தராசை அங்கே கொண்டுபோய் மட்டம் பார்த்து வைத்தபிறகு, அந்த அறையின் சூட்டுக்குப் பழகி நிலைக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்று மேடம் முதல் நாள் சொல்லியிருந்தார். ஒன்பதேகாலுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஹோட்டலுக்குப் போனபோது மணி எட்டு நாற்பது. மேடம் படியிறங்கித் தயாராக நின்றிருந்தார், இரண்டு கையிலும் பெட்டியை ஏந்தி. ஹாலுக்குள் கெட்டிமேளம் முடிந்து அட்சதை பறந்துகொண்டிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்ஸி சொல்லி வைக்காதது என் தவறு என்றும் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வேற வழி என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

கவுண்டர்காரர் வெற்றிலையை ஒதுக்கினார். "செக்கானூரணி போற வேன் ஒண்ணு நிக்குதும்மா. காலையில ஒரு நடை கொண்டுவந்து விட்டாச்சு, மத்தியானப் பந்திக்கு மிச்ச ஆளுகளை ஏத்தப் போகப்போகுது. உங்க காலேஜ் வாசல் வழியாத்தான போகணும்? மாப்ளைக்குச் சித்தப்பாகிட்டக் கேளுங்க. அந்தா, துண்டைக் கக்கத்துல வச்சிருக்காரே."

யாரென்றே தெரியாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, துண்டைக் கக்கத்தில் வைத்திருந்தவரிடம் போய் நின்றேன். என் அப்பா பார்த்திருந்தால் இரண்டு நாள் பேசியிருக்க மாட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மேடத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"பொண்ணு வீட்டுப் பக்கமா?"

"இல்லங்க. மேல ரூம்ல தங்கியிருக்காங்க. காலேஜ்ல கூட்டம். போகலேன்னா எனக்கு வேலை போயிரும்."

"வேன் போகும். அதுக்கென்ன. முதல்ல பந்தியில உக்காருங்க."

"நேரமாச்சுங்க."

"தாயி, கல்யாண வீட்டு வண்டியில வயித்தைக் காயப்போட்டு ஏத்திவிட்டேன்னு நாளைக்கு எவனாவது சொன்னா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்பேன்? டிரைவரும் சாப்பிடத்தான் செய்றான். அவன் எந்திரிக்கிறப்ப நீங்களும் எந்திரிங்க."

டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது உண்மை. எனவே உட்கார்ந்தோம். மேடம் தராசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலாகக் கை நீட்டிச் சாப்பிட்டார். இட்லி வந்தது, பொங்கல் வந்தது, வடை வந்தது, கேசரி வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கேசரி ஒன்பது மணி ஒரு நிமிஷத்துக்கு வந்தது. டிரைவர் இரண்டாம் தடவை பொங்கல் கேட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த வெறுப்பு என் வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை.

ஒன்பது பத்துக்கு வேன் கிளம்பியது. எங்களோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். கறவை மாடு காத்திருக்கிறதென்று பாதியில் திரும்புகிறவர்கள். ரயில் பாலத்தில் ஏறும்போது வேன் குலுங்கியது. மேடம் பெட்டியை இறுக்கிப் பிடித்தார். மூத்தவள் தான் வைத்திருந்த ஜமுக்காளத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"என்னத்தா இது, இம்புட்டுப் பதனமாப் பிடிக்கிறீக? சீரா?"

"தராசு" என்றார் மேடம்.

"எம்புட்டு நிறுக்கும்? ஒரு மூடை?"

"மூடை எல்லாம் நிறுக்காது. ஒரு தலைமுடியை நிறுக்கும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப திரும்பி வாரப்ப ஹாலுக்குக் கொண்டாங்க" என்றாள் இளையவள். "எங்க கொழுந்தனுக்கு அறிவு எம்புட்டு இருக்குன்னு நிறுத்துப் பொண்ணு வீட்டுல எழுதிக் குடுத்துருவோம்."

"சும்மா இருடி. தாலி கட்டியாச்சு. இனி நிறுத்து என்ன ஆகப்போகுது."

டிரைவர் முன்னாலிருந்து சிரித்தார். காளவாசலில் நான்கு நிமிஷம் நின்றது. அதற்கப்புறம் ரோடு காலியாக இருந்தது. ஊர் முழுக்க டவுனுக்குள் இருந்ததால் எதிர்ப்பக்கம்தான் நெரிசல். கல்லூரி வாசலில் இறங்கியபோது ஒன்பது ஐம்பது.

ஆய்வுக்கூடத்தில் மேஜையைத் துடைத்து, காலடித் திருகுகளைத் திருகி, குமிழி நடுவில் வரும்வரை மேடம் மூச்சுக்கூட விடவில்லை. "பத்தரைக்குக் கூப்பிட்டா நாப்பது நிமிஷம்கூடக் கிடைக்காது" என்றார். "முள் நகரும். நகர்றதை அவங்க பார்ப்பாங்க." ஜன்னலை மூடினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் தராசிடமிருந்து தள்ளி உட்கார்ந்தோம், எங்கள் உடம்புச் சூடுகூட அதற்கு ஆகாதென்று.

பத்தரை ஆனது. யாரும் கூப்பிடவில்லை. இன்னும் இரண்டு கம்பெனிக்காரர்கள் வராந்தாவில் நின்றார்கள். பத்தே முக்காலுக்கு அட்டெண்டர் வந்து, குழுவில் ஐந்து பேர், இருவர்தான் வந்திருக்கிறார்கள், மற்ற மூவரும் முகூர்த்தத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னார். பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். ஒருவர் நெற்றியில் சந்தனம் காயவில்லை. மூவர் கையிலும் தாம்பூலப் பை.

தராசு நிலைத்து நின்றது. மேடம் ஒரு சின்னக் காகிதத் துண்டை நிறுத்து எடையைச் சொன்னார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக் குழுத் தலைவரிடம் கொடுத்து, மைப் பேனாவால் கையெழுத்துப் போடச் சொன்னார். மை காய்ந்ததும் திரும்ப நிறுத்தார். எடை கொஞ்சம் கூடியிருந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையெழுத்தின் எடையை மூன்று தடவை வாசித்தார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். யாருடையது அதிகம் என்பதில் அவர்களுக்குள் ஒரு சின்னப் போட்டி நடந்தது. நான் பின்னால் நின்று, இது நல்ல அறிகுறியா, விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மேடத்திடம் கேட்டேன், ராத்திரி தூங்கினீர்களா என்று.

"எங்க தூங்கறது. பன்னிரண்டு மணி வரை ரேடியோ செட் பாட்டு" என்றார். "ஆனா ஒன்பது மணிக்குத் தனியா வெளிய போய்ப் பால் குடிச்சேன், பூ வாங்கினேன். மெதுவா நடந்து வந்தேன். ஒரு ஆள் திரும்பிப் பாக்கலை. கல்யாணத்துக்கு வந்தவன்னு நெனச்சிருப்பாங்க. வெளியூர்ல இருபது வருஷமா ரூம்ல தங்கறேன். இப்படி நடந்ததில்லை."

அந்தத் தெருவை நான் விளக்குக்காகத் தேர்ந்தெடுத்தேன். அவரைக் காப்பாற்றியது விளக்கு இல்லை. எந்தக் கல்யாணம் எங்களுக்கு டாக்ஸி இல்லாமல் செய்ததோ அதே கல்யாணம். இதைத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கழுத்தில் மஞ்சள் கறையோடு வந்தார். டாக்ஸி இல்லாத கதையை நானாகவே சொன்னேன். மறைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

"முகூர்த்த நாள்ல டாக்ஸி எங்க கிடைக்கும்? தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது சார்."

நான் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தபோது அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. ஒரு வகையான அதிசயம். "அப்ப எப்படிப் போனீங்க?"

"கல்யாண வேன்ல."

"யார் வீட்டுக் கல்யாணம்?"

எனக்குப் பெயர் தெரியவில்லை. மணப்பெண் பெயரோ மாப்பிள்ளை பெயரோ கேட்கவில்லை. வாசலில் வைத்திருந்த போர்டைக்கூட வாசிக்கவில்லை.

"பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம் சார்."

"யார் வீட்டுதுன்னு கேக்காமலா?" டாக்ஸியைவிட இதுதான் அவரை வருத்தியது. "இந்த வாரத்துக்குள்ள போய்க் கேட்டு, கையில ஏதாவது வாங்கிட்டு, பொண்ணு மாப்ளையைப் பாத்துட்டு வாங்க. ஆபிஸ் நேரத்துலயே போங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் என் கணவரும் குழந்தையோடு செக்கானூரணிக்குப் போனோம். துண்டுக்காரச் சித்தப்பாவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமானது. மணமக்கள் மறுவீட்டுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன எவர்சில்வர் செம்பை வாங்கி வைத்துக்கொண்டு, "வேலை நிலைச்சதா தாயி?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலைங்க" என்றேன்.

"தெரிஞ்சதும் ஒரு கார்டு போடுங்க. வீட்டுல பொம்பளைங்க கேட்டுக்கிட்டே இருக்காளுக."

ஐந்து வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பத்துத் தராசில் ஆறு எங்களிடம், நான்கு இன்னொரு கம்பெனியிடம். ஆறு போதுமா, திருச்சியோடு சேர்க்க மாட்டார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. ஹெட் ஆபிஸுக்கு டிரங்க் கால் போட்டு மேனேஜர் பேசி முடிக்கும்வரை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டு, "இங்கேயேதான்" என்றார்.

நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மேஜை அறையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தேன். செக்கானூரணி முகவரியை எழுதினேன். வேலை நிலைத்தது என்று எழுதினேன். அது அவர்களுக்குப் போதுமா, இன்னும் கொஞ்சம் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். பிறகு, கொழுந்தனாரை எடை போட வேண்டியதில்லை என்று வேனில் கூட வந்த அக்காவிடம் சொல்லவும் என்று சேர்த்தேன். அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது. அடிக்கலாம் என்றால் கார்டு அசிங்கமாகிவிடும். அப்படியே தபாலில் போட்டுவிட்டேன்.